படத்தில் ஒரே ஒரு கட்டம்: 17, Cl, 35.45

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பள்ளி ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையைப் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறாள். பாதிப் படத்தில் குழல்விளக்கின் வெளிச்சம் பளபளக்கிறது. அட்டவணையின் வலது மேல் மூலை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதில் ஒரு கட்டத்தைச் சிவப்பு வட்டமிட்டு, கீழே இப்படி எழுதியிருந்தாள்: "மாமா, கட்டத்துக்குள்ளேயும் 17 இருக்கிறது, அந்தப் பத்திக்கு மேலேயும் 17 இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?"

இரண்டும் ஒன்றல்ல. கேள்வி நல்ல கேள்வி. ஏனென்றால் அவள் வட்டமிட்டது குளோரினின் கட்டம். நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களில் ஏழுக்கு மட்டுமே அணு எண்ணும் தொகுதி எண்ணும் ஒரே எண்ணாக அமைகின்றன. ஹைட்ரஜனில் இரண்டும் 1, அலுமினியம் முதல் ஆர்கான் வரை 13 தொடங்கி 18 வரை. ஸ்காண்டியம் 21, அதன் தொகுதி 3. அங்கே யாருக்கும் குழப்பம் வராது. குளோரினில் வரும். ஆகவே இந்த ஒரு கட்டத்தையே எடுத்து, அதில் உள்ள ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுதிக்கொள்வோம். கட்டத்தின் இடது மேல் மூலையில் 17. நடுவில் பெரிய எழுத்தில் Cl. அதன் கீழே தனிமத்தின் பெயர். அதற்கும் கீழே 35.45. வலது ஓரத்தில் பொடி எழுத்தில் 2, 8, 7. கட்டத்துக்கு வெளியே, பத்தியின் உச்சியில் 17 என்றும், அதற்குப் பக்கத்தில் VIIA என்றும் அச்சிட்டிருக்கிறது. எல்லா அட்டவணையும் இதே அமைப்பில் இருக்காது. சில அட்டவணைகளில் நிறை மேலேயும் அணு எண் கீழேயும் இருக்கும். ஆகவே "மேலே இருப்பது அணு எண்" என்று மனப்பாடம் செய்வது ஆபத்து. இடத்தை வைத்து அல்லாமல், எண்ணின் குணத்தை வைத்து அடையாளம் காண்பதே நல்லது.

அந்தக் குணம் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். குளோரினுக்கு இடப்பக்கம் கந்தகம், வலப்பக்கம் ஆர்கான். மேல் மூலை எண்களை வரிசையாகப் படித்தால் 16, 17, 18. கீழ் எண்களை வரிசையாகப் படித்தால் 32.06, 35.45, 39.95. ஒரு வரிசை ஒவ்வொன்றாக ஏறுகிறது, படிக்கட்டு போல, புள்ளியே கிடையாது. இன்னொன்று மூன்றரையும் நாலரையுமாகத் தாறுமாறாகத் தாவுகிறது. ஒவ்வொன்றாக ஏறுவது அணு எண். தாவுவது அணு நிறை. அட்டவணை எந்த நாட்டில் அச்சானதாக இருந்தாலும் இந்தச் சோதனை பொய்க்காது.

அணு எண் என்பது அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. அதனால்தான் அது முழு எண். பதினேழரைப் புரோட்டான் என்று ஒன்று கிடையாது. ஒரு அணுவின் கருவில் 17 புரோட்டான் இருந்தால் அது குளோரின். 16 இருந்தால் கந்தகம். நியூட்ரான் கூடலாம், குறையலாம். எலக்ட்ரான் வந்து சேரலாம், விலகிப் போகலாம். 17 மாறாதவரை அது குளோரின்தான். உப்பில் இருக்கும் குளோரின் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்துக்கொண்டு 18 எலக்ட்ரான்களோடு இருக்கிறது. ஆர்கானுக்கும் 18 எலக்ட்ரான்கள்தான். ஆனாலும் அது ஆர்கான் ஆகிவிடவில்லை. தனிமத்தின் பெயரை முடிவு செய்வது புரோட்டான் எண்ணிக்கை மட்டுமே. மின்சுமையற்ற அணுவில் எலக்ட்ரான்களும் அதே எண்ணிக்கையில் இருக்கும் என்பதால், கட்டத்தைப் பார்த்தவுடன் "17 புரோட்டான், 17 எலக்ட்ரான்" என்று சொல்லிவிடலாம். நியூட்ரானைப் பற்றி மட்டும் அவசரப்படக் கூடாது, அதற்கு வருகிறேன்.

இந்த எண்ணை அட்டவணையின் அடிப்படையாக வைத்தது தொடக்கத்திலேயே நடந்துவிடவில்லை. 1869-இல் மெண்டலீவ் தன் அட்டவணையை வெளியிட்டபோது புரோட்டான் என்ற ஒன்றை யாரும் அறிந்திருக்கவில்லை. அவர் பெரும்பாலும் நிறையை வைத்தே அடுக்கினார். பிறகு 1894-இல் ஆர்கானைக் கண்டுபிடித்தபோது ஒரு சிக்கல் வந்தது. அட்டவணையில் ஆர்கானின் நிறை 39.95, அதற்கு அடுத்த பொட்டாசியத்தின் நிறை 39.10. நிறைப்படி அடுக்கினால் பொட்டாசியம் முந்த வேண்டும். அப்படி முந்தினால், தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் பொட்டாசியம், எதனோடும் சேராத மந்த வாயுக்களின் பத்தியில் போய் உட்காரும். 1913-இல் ஹென்றி மோஸ்லி என்ற இளம் இயற்பியலாளர் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அந்த அளவுகள் நிறையைப் பின்பற்றாமல், படிக்கட்டு போல ஒவ்வொரு படியாக ஏறும் ஓர் எண்ணைப் பின்பற்றுவதைக் கண்டார். அந்த எண்தான் நம் கட்டத்தின் மூலையில் இருப்பது. இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், முதல் உலகப் போரில் கலிப்போலியில் அவர் கொல்லப்பட்டார்.

அடுத்து குறியீடு. Cl என்பதில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது எழுத்து சிறிய எல். படத்தில் இது படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. சில அச்செழுத்துகளில் சிறிய எல்லும் பெரிய ஐயும் 1 என்ற இலக்கமும் ஒரே கோடுதான். என் அக்கா மகள் இதை C1 என்று எழுதியிருந்தாள். வேறு சிலர் CI என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் ஒரு தனிமம்தான் இருக்கும்; ஒரு தனிமத்தின் குறியீட்டில் ஒரே ஒரு பெரிய எழுத்துதான் இருக்கும்; இலக்கம் இருக்கவே இருக்காது. இந்த விதியை நினைவில் வைத்தால் மங்கலான படத்திலும் அந்தக் கோடு சிறிய எல்தான் என்று தெளிந்துவிடும். இது வெறும் எழுத்துச் சுத்தம் அல்ல. Co என்றால் கோபால்ட் என்ற உலோகம்; CO என்றால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு.

ஏன் C மட்டும் போதவில்லை? அதைக் கார்பன் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்த வாயுவை 1774-இல் ஷீலே தயாரித்தார். ஆனால் இது ஒரு தனிமம் என்று அறிவித்து, குளோரின் என்று பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி, 1810-இல். வெளிறிய பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. பல அட்டவணைகளில் குறியீட்டின் நிறமும் ஒரு செய்தி சொல்லும்: வாயு, திரவம், திண்மம் என்று அறை வெப்பநிலையில் இருக்கும் நிலையைக் காட்ட வெவ்வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். ஆனால் எந்த நிறம் எதற்கு என்பதற்குப் பொது விதி இல்லை. அட்டவணையின் ஒரு மூலையில் உள்ள நிறக் குறிப்பைப் படம் பிடிக்காவிட்டால், நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது 35.45. கட்டத்தில் அதிகமானவர்கள் தவறாகப் படிப்பது இந்த எண்ணைத்தான், நிதானமாகவே பார்ப்போம்.

இது கிராம் அல்ல. கார்பன்-12 என்ற அணுவின் நிறையைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை அலகாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த அலகில் குளோரினின் நிறை 35.45. ஒரு புரோட்டானோ நியூட்ரானோ ஏறக்குறைய ஓர் அலகு. எலக்ட்ரானின் நிறை மிகமிகச் சொற்பம். அப்படியானால் ஓர் அணுவின் நிறை ஏறக்குறைய முழு எண்ணாக வந்திருக்க வேண்டும். 35.45-இல் அந்த .45 எங்கிருந்து வந்தது?

வகுப்பில் பலர் செய்யும் கணக்கு இது: நிறை 35.45, அதில் புரோட்டான் 17, கழித்தால் நியூட்ரான் 18.45. அரை நியூட்ரானோடு எந்த அணுவும் இருக்க முடியாது என்று தோன்றியதும், 18 என்று திருத்தி எழுதுவார்கள். விடைத்தாளில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் புரிதல் பாதியிலேயே நின்றுபோகும்.

நடந்தது இதுதான். இயற்கையில் கிடைக்கும் குளோரின் இரண்டு வகை அணுக்களின் கலவை. இரண்டிலும் புரோட்டான் 17. ஒன்றில் நியூட்ரான் 18, கூட்டினால் 35. மற்றொன்றில் நியூட்ரான் 20, கூட்டினால் 37. இவற்றைத்தான் குளோரின்-35, குளோரின்-37 என்கிறோம். ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள். நான்கு குளோரின் அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய மூன்று 35 வகை, ஒன்று 37 வகை. மூன்று 35-ஐக் கூட்டினால் 105. அதோடு 37 சேர்த்தால் 142. நான்கால் வகுத்தால் 35.5. பள்ளிக் கணக்குகளில் குளோரினுக்கு 35.5 என்று போடுவது வழக்கம்; அந்த எண் இந்த விரல்விட்டு எண்ணும் கணக்கிலேயே வந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் துல்லியம் வேண்டுமென்றால் பங்குகளைச் சரியாக எடுக்க வேண்டும். நூறு அணுக்களில் 35 வகை 75.76, 37 வகை 24.24 என்பது அளந்து கண்ட விகிதம். அணுக்களின் நிறையும் சரியாக 35, 37 அல்ல, 34.97, 36.97. புரோட்டான்களும் நியூட்ரான்களும் கருவுக்குள் பிணைந்திருக்கும்போது அந்தப் பிணைப்பாற்றலுக்கு ஈடாக நிறையில் ஒரு துளி குறைந்துவிடும். இப்போது பெருக்கிப் பாருங்கள்: 75.76 முறை 34.97 என்றால் 2649.3, 24.24 முறை 36.97 என்றால் 896.2. கூட்டினால் 3545.5. நூறால் வகுத்தால் 35.45. கட்டத்தில் இருக்கும் எண் அப்படியே வந்துவிட்டது.

ஆக, 35.45 என்பது சராசரி. ஒரு தெருவில் வீட்டுக்குச் சராசரியாக இரண்டரைப் பிள்ளைகள் என்றால் எந்த வீட்டிலும் அரைப் பிள்ளை இல்லை. அதுபோலத்தான் 35.45 நிறையுள்ள குளோரின் அணு உலகில் ஒன்றுகூட இல்லை. இருப்பவை 34.97-உம் 36.97-உம்தான். அணு எண் ஒரே ஓர் அணுவைப் பற்றிப் பேசுகிறது. அணு நிறை ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரே கட்டத்தில் அருகருகே அச்சிட்டிருப்பதால் இரண்டும் ஒரே தரத்து எண்கள் என்று நினைத்துவிடுகிறோம்.

"அப்படியானால் நிறையை முழு எண்ணாக்கினால் நியூட்ரான் கிடைத்துவிடும் என்று மிஸ் சொன்னார்களே?" என்று அவள் கேட்டாள். சில தனிமங்களுக்குக் கிடைக்கும். சோடியத்தின் நிறை 22.99, முழு எண்ணாக்கினால் 23, அதிலிருந்து 11 போனால் 12. இயற்கையில் உள்ள சோடியம் முழுவதும் ஒரே வகை, அதில் நியூட்ரான் 12தான். சரி. ஆனால் நம் குளோரினுக்கு நேர் கீழே உள்ள புரோமினைப் பாருங்கள். அணு எண் 35, நிறை 79.90. முழு எண்ணாக்கினால் 80. 35 போனால் 45 நியூட்ரான். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இயற்கையில் கிடைக்கும் புரோமின் அணு எதிலும் 45 நியூட்ரான் இல்லை. அங்கே 79 வகையும் 81 வகையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நியூட்ரான்கள் 44 அல்லது 46. நடுவில் உள்ள 80 வெறும் சராசரி. அதனால், "இந்த அணுவில் எத்தனை நியூட்ரான்" என்று யாராவது கேட்டால் கட்டம் மட்டும் போதாது. எந்த ஐசோடோப்பு என்றும் சொல்ல வேண்டும். குளோரின்-37 என்று சொன்னால் 37-இலிருந்து 17-ஐக் கழித்து 20 என்று தயங்காமல் சொல்லலாம். அந்த 37-க்கு நிறை எண் என்று தனிப்பெயர் உண்டு. அது அட்டவணைக் கட்டத்தில் இருப்பதில்லை.

இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஐசோடோப்பை எழுதும்போது குறியீட்டின் இடப்பக்கம் மேலே நிறை எண்ணும் கீழே அணு எண்ணும் எழுதுவது மரபு. மேலே 35, கீழே 17, பக்கத்தில் Cl. அட்டவணைக் கட்டத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒரே நாளில் படிக்கும் பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பே இல்லை. பெரிய எண் நிறை, சிறிய எண் அணு எண் என்று பார்த்தால் தப்பித்துவிடலாம். ஹைட்ரஜனில் மட்டும் 1, 1.008 என்று இரண்டும் ஒட்டி நிற்கும். அங்கே புள்ளி உள்ளது நிறை.

வேறொரு அட்டவணையின் படத்தில் நிறை 35.453 என்று இருந்தால் பதற வேண்டாம். பழைய அச்சுகளில் அப்படித்தான் இருக்கும். இன்னும் சிலவற்றில் [35.446, 35.457] என்று பகர அடைப்புக்குள் இரண்டு எண்கள் தெரியும். குளோரின் எந்தப் பொருளிலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்து இரு ஐசோடோப்புகளின் விகிதம் மிகச் சிறிதளவு மாறும். அந்த ஏற்ற இறக்கத்தின் எல்லைகள்தான் அவை. அதே பத்தியில் இன்னும் கீழே இறங்கினால் அஸ்டட்டைனின் கட்டத்தில் [210] என்று ஒற்றை எண் அடைப்புக்குள் நிற்கும். அடைப்பு ஒன்றுதான், பொருள் வேறு. அஸ்டட்டைனுக்கு நிலையான ஐசோடோப்பே இல்லை. சராசரி எடுக்க நிலையான கலவை எதுவும் கிடையாது. அதனால் அதிக காலம் தாங்கும் ஓர் ஐசோடோப்பின் நிறை எண்ணை அடைப்பில் போட்டுவிட்டார்கள். அடைப்புக்குள் ஓர் எண்ணா, இரண்டா என்று பாருங்கள்.

படத்தில் எண் மங்கலாக இருந்தால் சரிபார்க்க நான் ஒரு முரட்டு அளவுகோல் வைத்திருக்கிறேன். ஹைட்ரஜனை விட்டுவிட்டால், நிறையை அணு எண்ணால் வகுத்தால் இயற்கையில் கிடைக்கும் தனிமங்களில் ஏறக்குறைய 2-க்கும் 2.6-க்கும் இடையில்தான் வரும். கால்சியத்துக்கு 40.08-ஐ 20-ஆல் வகுத்தால் 2. யுரேனியத்துக்கு 238.03-ஐ 92-ஆல் வகுத்தால் 2.6-ஐ ஒட்டி வரும். என் அக்கா மகளின் படத்தில் வெளிச்சம் பட்ட இடத்தில் 17 என்பது 11 போலத் தெரிந்தது. 35.45-ஐ 11-ஆல் வகுத்தால் 3.2, அப்படி ஒரு தனிமம் கிடையாது. 17-ஆல் வகுத்தால் 2.09, பொருந்துகிறது. புள்ளி மறைந்து 3545 என்று தெரிந்தாலும் இதே சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டத்துக்குள் இருப்பவை முடிந்தன. இனி கட்டம் எங்கே இருக்கிறது என்பது. அதுதான் மேலே இருந்த இரண்டாவது 17.

அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்லும் பத்திகள் பதினெட்டு. ஒவ்வொரு பத்தியும் ஒரு தொகுதி. இடமிருந்து வலமாகச் செல்லும் வரிசைகள் ஏழு. அவற்றைத் தொடர் என்றும் சொல்வார்கள். இலங்கைப் பாடநூல்களில் தொகுதி கூட்டம் என்றும், வரிசை ஆவர்த்தனம் என்றும் வரும். குளோரின் 17-ஆம் தொகுதி, 3-ஆம் வரிசை. அதாவது தொகுதி எண் என்பது இருப்பிட எண். அது குளோரினுக்கு மட்டும் சொந்தமல்ல. ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என அந்தப் பத்தியில் குடியிருக்கும் எல்லோருக்கும் பொது. அணு எண் அவரவர்க்கே உரியது. அடையாள அட்டை எண்ணும் தெருப் பெயரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரினில் இரண்டும் 17 ஆனது தற்செயல் போலத் தோன்றும். உண்மையில் அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மூன்றாம் வரிசைக்கு முன்னால் உள்ள இரண்டு வரிசைகளில் மொத்தம் பத்துத் தனிமங்கள். மூன்றாம் வரிசையில் குளோரின் ஏழாவது. பத்தும் ஏழும் பதினேழு. அதே வரிசையில் மக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பத்துப் பத்தி அகலத்துக்கு வெற்றிடம் கிடக்கிறது. இடத்தை எண்ணும்போது அந்தப் பத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதால் மறுபடியும் பத்தும் ஏழும் பதினேழு.

அந்த வெற்றிடத்தில்தான் படத்தைப் பார்த்து எண்ணுபவர்கள் சறுக்குகிறார்கள். சோடியத்திலிருந்து தொடங்கிக் கட்டங்களை மட்டும் எண்ணினால் குளோரின் ஏழாவது கட்டம். உடனே "தொகுதி 7" என்று எழுதிவிடுவார்கள். தொகுதி 7 என்பது மாங்கனீசு இருக்கும் பத்தி; அது உலோகம். பத்தியின் உச்சியில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும், கட்டங்களை எண்ணக் கூடாது. அந்த VIIA என்பதற்கும் இதே ஏழுதான் காரணம். பழைய முறையில் ரோமன் எண்ணும் A, B என்ற எழுத்தும் சேர்த்து எழுதினார்கள். அதிலும் அமெரிக்க அட்டவணையில் குளோரின் VIIA. ஐரோப்பிய அட்டவணையில் அதே குளோரின் VIIB. இந்தக் குளறுபடியை ஒழிக்கத்தான் 1980-களின் இறுதியில் 1 முதல் 18 வரை நேராக எண்ணும் முறை வந்தது. உங்கள் படத்தில் இரண்டும் இருந்தால் சாதாரண எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தியின் உச்சி படத்தில் வெட்டுப்பட்டுப் போனால்? அப்போதும் அணு எண் ஒன்றை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். முதல் ஆறு வரிசைகளில் ஒவ்வொன்றும் ஒரு மந்த வாயுவில் முடிகிறது. அவற்றின் அணு எண்கள் 2, 10, 18, 36, 54, 86. இந்த ஆறையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இவையெல்லாம் 18-ஆம் தொகுதி. 17 என்பது 18-க்கு ஒன்று முன்னால்; ஆகவே 17-ஆம் தொகுதி. 18 மூன்றாவது மந்த வாயு. ஆகவே மூன்றாம் வரிசை.

இருப்பிடத்திலிருந்து என்ன தெரிகிறது? கட்டத்தின் வலது ஓரத்தில் பொடியாக இருந்த 2, 8, 7 என்பதை இப்போது பார்க்கலாம். குளோரினின் 17 எலக்ட்ரான்கள் மூன்று கூடுகளில் இப்படித்தான் அமர்ந்திருக்கின்றன. மூன்று கூடுகள் என்பதால் மூன்றாம் வரிசை. கடைசிக் கூட்டில் ஏழு. 17-இலிருந்து பத்தைக் கழித்தாலும் ஏழு. 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளுக்கு இந்தக் கழித்தல் செல்லும், ஹீலியம் ஒன்று தவிர. அதற்கு இருப்பதே இரண்டு எலக்ட்ரான்கள்தான். நடுவில் உள்ள 3 முதல் 12 வரையுள்ள தொகுதிகளில் இதைப் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே கணக்கு வேறு.

கடைசிக் கூட்டில் ஏழு என்றால் எட்டு நிறைய ஒன்று குறைகிறது. அந்த ஒன்றை எங்கிருந்தாவது வாங்கிவிட குளோரின் துடிக்கும். அதே வரிசையின் இடது கோடியில், முதல் தொகுதியில், சோடியம் இருக்கிறது; 2, 8, 1. அதற்குக் கடைசியில் உள்ள ஒன்று சுமை. கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்தால் சமையலறை உப்பு. ஒன்றுக்கு ஒன்று என்பதால் NaCl. Na2Cl என்றோ NaCl2 என்றோ எழுத இடமில்லை. இப்போது கட்டத்தில் இருந்த நிறைக்கும் வேலை வந்துவிடுகிறது. சோடியம் 22.99, குளோரின் 35.45, கூட்டினால் 58.44. 35.45-ஐ 58.44-ஆல் வகுத்தால் 0.607. ஒரு கிலோ தூய உப்பில் ஏறக்குறைய 607 கிராம் குளோரின். உப்பு வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு எடையில் பாதிக்கு மேல் குளோரினைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அதுவும் எலக்ட்ரான் கிடைத்துச் சாந்தமான குளோரின்; நச்சு வாயுவாக இருந்த குளோரின் அல்ல. இந்தக் கணக்குக்குச் சராசரி நிறைதான் பொருத்தம், ஐசோடோப்பின் நிறை அல்ல. ஒரு கரண்டி உப்பில் இருக்கும் கோடானுகோடி அணுக்களில் இரு வகையும் அதே விகிதத்தில் கலந்தே கிடக்கின்றன.

இவ்வளவையும் எழுதி அனுப்பிய பிறகு, அவளுக்கு ஒரு சோதனை வைத்தேன். அவள் அனுப்பிய படத்தையே, மேல் பாதியை வெட்டிவிட்டு, ஒரு கட்டம் மட்டும் தெரியும்படி திருப்பி அனுப்பினேன். அதில் தெரிந்தவை 34, Se, 78.97. பத்தியின் உச்சி இல்லை, பக்கத்துக் கட்டங்கள் இல்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 36-க்கு இரண்டு முன்னால், ஆகவே 16-ஆம் தொகுதி, 36 நான்காவது மந்த வாயு, ஆகவே நான்காம் வரிசை, கடைசிக் கூட்டில் ஆறு எலக்ட்ரான், 78.97-ஐ 34-ஆல் வகுத்தால் 2.3, ஆகவே எண்களைச் சரியாகத்தான் படித்திருக்கிறேன். நியூட்ரான் எத்தனை என்று நான் வேண்டுமென்றே கேட்டிருந்தேன். அதற்கு அவள் எழுதியது: "எந்த செலினியம் என்று சொல்லுங்கள் மாமா, பிறகு சொல்கிறேன்."